கடலில் கோடு போடுவது எப்படி?

ராயபுரத்தில் வளர்ந்த எங்களுக்குக் கடல் எங்கே ஆரம்பிக்கிறது என்பது ஒரு கேள்வியே இல்லை. அலை காலில் பட்டால் கடல். சர்வதேசச் சட்டமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. கடல் நன்றாக வற்றும்போது தெரிகிற கரைதான் அடிக்கோடு. அங்கிருந்து 12 கடல் மைல் எல்லைக் கடல், 200 கடல் மைல் வரை மீனுக்கும் எண்ணெய்க்கும் நமக்குத் தனியுரிமை. துறைமுகத்தின் நிரந்தரக் கட்டுமானமும் கரையாகவே கணக்கில் வரும். அதனால் சென்னைத் துறைமுகத்தின் வெளிச்சுவரும், எண்ணூரில் காமராஜர் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரும் சட்டப்படி இந்தியாவின் கரைதான்.

நம்ம கரை நேரானது, வெளியே தீவும் கிடையாது. அதனால் இங்கே இது சுலபம். தீவுகள் சிதறிக் கிடக்கிற இடத்தில்தான் சிக்கல்.

இந்தோனேசியாவைப் பாருங்கள். டச்சுக்காரர்கள் 1939இல் போட்ட சட்டப்படி ஒவ்வொரு தீவையும் சுற்றி 3 கடல் மைல்தான் சொந்தம். ஜாவாவுக்கும் போர்னியோவுக்கும் நடுவே இருந்த கடல் யாருக்கும் சொந்தமில்லாத பொதுக்கடல். நியூகினியின் மேற்குப் பகுதிக்காக நெதர்லாந்தோடு தகராறு நடந்த காலத்தில், டச்சுப் போர்க்கப்பல்கள் அந்த நாட்டின் நடுவீட்டுக்குள்ளேயே சட்டப்படி நடமாட முடிந்தது. 1957 டிசம்பர் 13 அன்று பிரதமர் ஜுவாண்டா அறிவித்தார்: வெளித்தீவுகளைக் கோடுகளால் இணைக்கிறோம், உள்ளே இருக்கும் கடல் முழுக்க எங்களுடையது. பெரிய கடற்படை நாடுகள் எதிர்த்தன. கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 1982 ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை இதை 'தீவுக்கூட்ட நாடு' என்ற பெயரில் ஏற்றுக்கொண்டது.

சும்மா ஏற்கவில்லை. கோடு பொதுவாக 100 கடல் மைலைத் தாண்டக்கூடாது. உள்ளே அடைபடும் நீர், நிலத்தைப் போல ஒன்பது மடங்குக்கு மேல் போகக்கூடாது. வெளிநாட்டுக் கப்பல்களுக்கு வழி விட வேண்டும். பக்கத்து நாட்டு மீனவர் வழிவழியாக மீன் பிடித்த இடமென்றால் அந்த உரிமையையும் மதிக்க வேண்டும். கோட்டுக்கு இதுதான் விலை.

இப்போது நம்ம லட்சத்தீவு. மொத்த நிலம் சுமார் 32 சதுர கி.மீ. ஒன்பது மடங்கு என்றால் 288 சதுர கி.மீ. நீரைத்தான் அடைக்கலாம், எதற்கும் பத்தாது. ஆனால் பவளத்திட்டுகளுக்குள் இருக்கும் காயலையும் நிலமாக எண்ணலாம் என்று உடன்படிக்கை சொல்கிறது. லட்சத்தீவின் காயல் சுமார் 4,200 சதுர கி.மீ. ஆகவே கணக்கு ஒருவேளை தேறலாம். தேறாதது ஒரே ஒரு வார்த்தை: 'முழுவதும்'. முழுவதும் தீவுகளால் ஆன நாட்டுக்கு மட்டுமே இந்த விதி. அதே கடலடி மலைத்தொடரில் தெற்கே இருக்கும் மாலத்தீவு 1996இல் சட்டம் போட்டு, வெளித்தீவுகளை இணைத்துக் கோடு வரைந்துகொண்டது. மினிக்காய்க்காரர்கள் பேசுவதும் மாலத்தீவு மொழியின் ஒரு கிளைதான். ஆனால் மினிக்காய் இந்தியாவில் இருக்கிறது, இந்தியாவுக்கோ பெருநிலம் இருக்கிறது.

இந்தியாவின் 1976 கடல்மண்டலச் சட்டம் 'பொருத்தமான அடிக்கோடு' என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டது. எது பொருத்தம் என்று சொல்ல 33 வருடம் ஆனது. 2009 மே மாதம் வெளியுறவு அமைச்சகம் புள்ளிகளின் பட்டியலை வெளியிட்டது. பெருநிலக் கரையோடு லட்சத்தீவும் அந்தமான் நிக்கோபாரும் அதில் வந்தன. பெயர் தீவுக்கூட்டக் கோடு இல்லை. வெறும் நேர்கோட்டு அடிக்கோடு.

நேர்கோட்டு அடிக்கோட்டின் கதை நார்வேயில் தொடங்குகிறது. அங்கே கரையை ஒட்டியே ஆயிரக்கணக்கான பாறைத்தீவுகள். அவற்றை இணைத்து வரைந்த கோட்டை 1951இல் சர்வதேச நீதிமன்றம் பிரிட்டனின் எதிர்ப்பை மீறி ஏற்றது. அதிலிருந்து வந்த விதி, தீவுகள் கரைக்கு 'மிக அருகே' விளிம்பு போல இருக்க வேண்டும் என்கிறது. கொச்சியிலிருந்து 200 கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கும் லட்சத்தீவை எந்தக் கரையின் விளிம்பு என்பது? 2022 ஏப்ரலில் இதே நீதிமன்றம், சான் ஆந்த்ரேஸ் தீவுகளைச் சுற்றிக் கொலம்பியா போட்ட கோடு சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு இந்தியாவைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வாதம் அப்படியே பொருந்துகிறது.

இந்தக் கோட்டால் இந்தியாவுக்கு என்ன லாபம்? வெளிப்பக்கம் பெரிதாக ஒன்றுமில்லை. மக்கள் வாழும் தீவு தனியாகவே 200 கடல் மைல் கொடுத்துவிடும். லாபம் உள்பக்கம்தான்: தீவுகளுக்கு நடுவே இருக்கும் கடல், உள்நாட்டு நீர் என்ற பெயர் பெறுகிறது. புதிதாக அடைத்த நீரில் கப்பல்கள் தீங்கின்றிக் கடந்து போகலாம் என்ற குறைந்தபட்ச உரிமை மட்டும் மிச்சம். தீவுக்கூட்ட நாட்டின் மீது சுமத்திய நூறு மைல் வரம்போ, ஒன்பது மடங்குக் கணக்கோ, மீனவர் உரிமையோ இந்தக் கோட்டுக்கு இல்லை. போர்னியோ நிலக்கரியோடு ஜாவா கடலைக் கடந்து எண்ணூருக்கு வரும் கப்பல், இந்தோனேசியா கொடுத்த விலையால்தான் தைரியமாக வருகிறது. அந்த விலையைக் கொடுக்காமலே அதே மாதிரியான கோட்டை நாம் போட்டிருக்கிறோம்.