ரொறன்ரோ இலக்கத்தில் கிளிநொச்சித் தையலகம்: மெய்நிகர் தொலைபேசித் திட்டம் எடுக்கும் முன்

கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் தைக்கப்படும் சேலைச் சட்டைகள் கடல் கடந்து போகின்றன. போருக்குப் பின் வாழ்வாதார உதவியாகக் கிடைத்த ஒரு தையல் இயந்திரத்தில் தொடங்கி, இன்று வெளிநாட்டு ஓடர்களை நம்பியிருக்கும் வீடுகள் உண்டு. ஓடர் பெரும்பாலும் வட்ஸ்அப்பில்தான் வருகிறது. வாடிக்கையாளர் எல்லோரும் அங்கேயே இருந்தால் இந்தக் கட்டுரை சொல்லும் செலவு உங்களுக்குத் தேவையில்லை. ஆனால், ரொறன்ரோவில் வீட்டுத் தொலைபேசியை மட்டும் பாவிக்கும் ஒரு மூதாட்டி, 94 என்று தொடங்கும் இலக்கத்துக்கு அழைக்கத் தயங்குவார். 416 அல்லது 647 என்று தொடங்கும் உள்ளூர் இலக்கம் என்றால் யோசிக்காமல் அழைப்பார். அந்த உள்ளூர் இலக்கத்தை கனடாவில் கடை எதுவும் இல்லாமலே வைத்திருக்க உதவுவதுதான் மெய்நிகர் இலக்கம்.

மெய்நிகர் இலக்கத்துக்கு சிம் அட்டை இல்லை. இலக்கம் நிறுவனம் ஒன்றின் கணினியில் இருக்கும். அதற்கு வரும் அழைப்பை அந்த நிறுவனத்தின் செயலி வழியாக இணையத்தில் எடுக்கலாம், அல்லது வேறொரு தொலைபேசிக்குத் திருப்பிவிடலாம். எல்லா நிறுவனங்களும் இலங்கையில் இருந்து பதிவு செய்ய விடுவதில்லை. சில நிறுவனங்கள் பதிவின்போதே கனடா அல்லது அமெரிக்கத் தொலைபேசி இலக்கம் ஒன்றைக் கேட்கும். ஆகவே நடைமுறையில், ஸ்காபரோவில் இருக்கும் அக்காவோ மச்சாளோ தன் பெயரில் திட்டத்தை எடுக்க, செயலி இங்கே தைப்பவரின் கைத்தொலைபேசியில் இருக்கும். அப்படி ஒரு குடும்பத்தை வைத்தே கணக்குப் பார்ப்போம். பெயர் யாருடையது என்ற கேள்வி பின்னால் பெரிதாகும்.

நிமிடம் எப்படி எண்ணப்படுகிறது

எங்கள் கணக்குக்கு, மாதம் 500 நிமிடமும் 200 குறுஞ்செய்தியும் அடங்கிய திட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாதத்தில் 60 அழைப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றும் 3 நிமிடம் 10 விநாடி. உண்மையில் பேசியது 190 நிமிடம். ஆனால் பல நிறுவனங்கள் ஒவ்வொரு அழைப்பையும் அடுத்த முழு நிமிடத்துக்கு உயர்த்தியே எண்ணும். அப்போது ஒவ்வொரு அழைப்பும் 4 நிமிடம், மொத்தம் 240. இன்னமும் 500க்குள் தான் இருக்கிறோம். இதுவரை பிரச்சினை இல்லை.

பிரச்சினை அழைப்பை எங்கே எடுக்கிறோம் என்பதில் தொடங்குகிறது. கிளிநொச்சியில் இருப்பவர் செயலியைத் திறந்து இணையத்தில் எடுத்தால், நிறுவனத்தின் பார்வையில் அது கனடாவுக்குள் வந்த ஒரு அழைப்பு மட்டுமே. ஆனால் இணையம் சரியில்லை என்று அழைப்பை இங்குள்ள சாதாரண கைத்தொலைபேசி இலக்கத்துக்குத் திருப்பிவிட்டால், ஒரே அழைப்பு இரண்டாகிவிடும். வாடிக்கையாளர் ரொறன்ரோ இலக்கத்துக்கு எடுத்தது ஒன்று. அந்த இலக்கம் இலங்கைக்கு எடுத்தது மற்றொன்று. இரண்டாவது சர்வதேச அழைப்பு. அடங்கிய நிமிடங்கள் வழக்கமாகக் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் மட்டும்தான். “வரையறையற்ற அழைப்பு” என்று எழுதியிருக்கும் திட்டத்திலும் அப்படித்தான். இலங்கைக்கு நிமிடத்துக்கு 25 சதம் என்று வைத்துக்கொண்டால், 240 நிமிடத்துக்கு 60 டொலர். திட்டத்தின் மாதக் கட்டணத்தைவிட இது கூட வரலாம். முதல் மாதப் பட்டியலில் “இன்டர்நஷனல்” என்றோ “போர்வர்டிங்” என்றோ தனி வரி இருக்கிறதா என்று பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.

எனவே செயலியில் எடுப்பதுதான் வழி. அதற்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட் டேற்றா போகும். செயலியைப் பொறுத்துக் கூடிக்குறையும். 240 நிமிடத்துக்கு கால் கிகாபைட் அளவு, அவ்வளவுதான். டேற்றாவின் அளவு பெரிதல்ல, சீராகக் கிடைப்பதுதான் முக்கியம். குரல் விட்டுவிட்டுக் கேட்டாலோ, ஒருவர் பேசி ஒரு விநாடிக்குப் பிறகு மற்றவருக்குக் கேட்டாலோ, திட்டத்தை மாற்றுவதில் பயனில்லை. அது இங்குள்ள சிக்னலின் கோளாறு. காசு கட்டும் முன், சோதனைக் காலத்தில், தையலகத்தின் உள்ளே இருந்தே ஒரு கிழமை பேசிப் பாருங்கள். முற்றத்தில் நின்று பேசிப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம்.

இதே செயலியால் எதிர்த்திசையில் ஒரு நன்மையும் உண்டு. கிளிநொச்சியில் இருந்து வாடிக்கையாளரைத் திரும்ப அழைத்தால், அது கனடா உள்ளூர் அழைப்பாகவே எண்ணப்படும். நேர வித்தியாசத்தால் இது அடிக்கடி தேவைப்படும். ரொறன்ரோவில் கோடையில் மாலை 7 மணி என்றால் இங்கே மறுநாள் விடியற்காலை 4.30, அங்கே குளிர்காலம் என்றால் 5.30. செயலியில் வேலை நேரத்தைக் குறித்து, மற்ற வேளையில் வரும் அழைப்பு குரல்பெட்டிக்குப் போகும்படி செய்துவிடலாம். வாழ்த்துக் குரலைத் தமிழில் நீங்களே பதிவு செய்யுங்கள். இயந்திர ஆங்கிலக் குரல் கேட்டால் எங்கள் மூதாட்டி வைத்துவிடுவார்.

தமிழில் அனுப்பினால் குறுஞ்செய்தி குறுகிவிடும்

200 குறுஞ்செய்தி என்றால் 200 தடவை அனுப்பலாம் என்று நினைப்போம். நிறுவனங்கள் எண்ணுவது தடவையை அல்ல, துண்டை. ஆங்கில எழுத்தில் ஒரு துண்டுக்கு 160 இடம் உண்டு. தமிழ் எழுத்து ஒன்று கலந்தாலும் முழுச் செய்தியும் வேறு முறையில் குறியாக்கப்பட்டு, இடம் 70 ஆகச் சுருங்கும். நீளமான செய்தி பல துண்டாகும்போது, ஒட்டுவதற்கான குறிப்பும் இடம் பிடிப்பதால், துண்டுக்கு 67 தான் மிஞ்சும். அதோடு, நாம் ஒரு எழுத்தாகப் பார்ப்பது அங்கே பல இடம் பிடிக்கும். புள்ளியும் ஓரிடம், விசிறியும் கொம்பும் ஓரிடம். “வணக்கம்” நமக்கு ஐந்து எழுத்து, அங்கே ஏழு இடம்.

“உங்கள் சட்டை தைத்து முடிந்துவிட்டது. பொதி நாளை அனுப்பப்படும்.” இந்தச் செய்தி 61 இடம், ஒரே துண்டு. இதன் முடிவில் “மீதி 40 டொலர்.” என்று சேர்த்தால் 76 ஆகிவிடும். அதாவது இரண்டு துண்டு, இரட்டைக் கணக்கு. 100 வாடிக்கையாளருக்கு அனுப்பினால் மாதத்துக்குரிய 200உம் முடிந்துவிடும். மீதித் தொகையைக் கேட்கும் செய்தியைத் தமிழிலேயே அனுப்ப விரும்பினால், சொற்களைக் குறைத்து 70க்குள் நிறுத்துங்கள். ஆங்கிலச் செய்தியில் ஒரு சிரிப்பு முகத்தைச் சேர்த்தாலும் இதே கதைதான்.

அமெரிக்காவிலும் வாடிக்கையாளர் இருந்தால் இன்னொரு தடை உண்டு. கனடா இலக்கமாக இருந்தாலும், வணிகச் சேவை ஒன்றில் இருந்து அமெரிக்கக் கைத்தொலைபேசிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப, அனுப்பும் வியாபாரத்தை முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும். 2023 முதல் பதிவில்லாத செய்திகளை அங்குள்ள வலையமைப்புகள் தடுக்கின்றன. ரொறன்ரோவுக்குப் போகும் செய்தி சேர்ந்து, நியூ ஜெர்சிக்குப் போவது மட்டும் சேரவில்லை என்றால், முதலில் இந்தப் பதிவைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பழைய இலக்கத்தைக் கொண்டுபோதல்

பல குடும்பங்களில் ஏற்கெனவே ஒரு இலக்கம் இருக்கிறது. ஸ்காபரோ அக்காவின் பழைய முற்கொடுப்பனவு சிம்மைத்தான் நாலைந்து வருடமாக எல்லோரும் அழைக்கிறார்கள். புது இலக்கம் எடுத்தால் அந்த வாடிக்கையாளர்கள் தொலைந்துபோவார்கள். கனடாவில் 2007ஆம் ஆண்டு மார்ச் முதல் கைத்தொலைபேசி இலக்கத்தையும் நிறுவனம் விட்டு நிறுவனம் கொண்டுபோகலாம். அங்கே இதை “போர்ட்டிங்” என்பார்கள்.

இதில் மிகக் கூடுதலாக நடக்கும் பிழை, பழைய சிம்மை முதலில் நிறுத்திவிடுவது. நிறுத்திய இலக்கத்தைக் கொண்டுபோக முடியாது. முற்கொடுப்பனவு என்றால் மீதிப் பணம் முடிந்து காலாவதியாகாமலும் பார்க்க வேண்டும். விண்ணப்பம் கேட்கும் நிறுவனம் புதியது. பழைய நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதிய நிறுவனம் இலக்கம், கணக்கு இலக்கம், பெயர், முகவரி ஆகியவற்றைக் கேட்டு, அனுமதிக் கடிதம் ஒன்றில் ஒப்பம் வாங்கும். அந்தப் பெயரும் முகவரியும் பழைய நிறுவனத்திடம் இருப்பதோடு பொருந்த வேண்டும். முற்கொடுப்பனவு சிம்களில் பதிவான பெயர் அரைகுறையாக இருப்பதுண்டு. மூன்று வீடு மாறிய பிறகும் முதல் வீட்டு முகவரியே இருக்கும். நிராகரிப்புக்கு இதுவே வழக்கமான காரணம். ஆகவே விண்ணப்பிக்கும் முன் பழைய நிறுவனத்தை அழைத்து, தங்களிடம் என்ன பெயர், என்ன முகவரி இருக்கிறது என்று எழுத்துக்கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்து, மோசடியைத் தடுக்க, பழைய நிறுவனம் அந்த இலக்கத்துக்கே ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, மாற்றுவது நீங்கள்தானா என்று கேட்கும். குறுகிய நேரத்துக்குள், வழக்கமாக 90 நிமிடத்துக்குள், பதில் அனுப்ப வேண்டும். அந்தச் சிம் வேலை செய்கிற ஒரு கைத்தொலைபேசியில், கனடாவிலேயே, அக்காவின் கையில் இருக்க வேண்டும். அவர் இரவு வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் விண்ணப்பத்தை அனுப்பாதீர்கள்.

கைத்தொலைபேசியில் இருந்து கைத்தொலைபேசிக்கு என்றால் சில மணித்தியாலத்தில் முடிந்துவிடும். மெய்நிகர் இலக்கச் சேவைக்கு என்றால் சில வேலைநாட்களை ஒதுக்குங்கள். அழைப்பு முதலில் மாறி, குறுஞ்செய்தி பிந்தி மாறுவதும் உண்டு. இரண்டையும் தனித்தனியே சோதித்துப் பாருங்கள். அக்காவின் வங்கியும் வேறு சேவைகளும் இரகசியக் குறியீட்டை இந்த இலக்கத்துக்குத்தான் அனுப்புகின்றன என்றால், மாற்றத்துக்கு முன்பே அங்கெல்லாம் வேறு இலக்கம் கொடுத்துவிட வேண்டும். மெய்நிகர் இலக்கங்களுக்கு அந்தக் குறியீடுகள் பல வேளை வந்து சேர்வதில்லை.

இப்போது பெயருக்கு வருவோம். சட்டத்தின் பார்வையில் வாடிக்கையாளர் கணக்கு வைத்திருப்பவர்தான். தைப்பவர் அல்ல. அக்காவின் கடனட்டை காலாவதியாகி இரண்டு மாதம் காசு போகாவிட்டால், இலக்கம் நிறுவனத்திடம் திரும்பி, பின்னர் வேறொருவருக்குப் போய்விடலாம். அதற்குப் பிறகு ஓடர் கேட்டு வரும் அழைப்பை யாரோ அந்நியர் எடுப்பார். குடும்பத்துக்குள் மனத்தாங்கல் வந்தாலும் முதலில் அறுபடுவது இந்த இலக்கம்தான். இதைத் தொடக்கத்திலேயே பேசிக்கொள்வது சங்கடம், பேசாமல் விடுவது அதைவிடச் சங்கடம். பெரும்பாலான சேவைகளில் இரண்டாவது நிர்வாகியைச் சேர்க்கலாம். தைப்பவரின் மின்னஞ்சலை அப்படிச் சேர்த்து, கட்டணம் தவறினால் எச்சரிக்கை அந்த மின்னஞ்சலுக்கும் வரும்படி செய்யுங்கள்.

கடைசியாக, உள்ளே போகும் முன் வெளியே வரும் வழியைக் கேளுங்கள். இந்த இலக்கத்தைப் பிறகு வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக விடுவீர்களா, அதற்குக் கட்டணம் எவ்வளவு, கணக்கு இலக்கமும் இரகசிய இலக்கமும் செயலியில் எங்கே இருக்கின்றன? சோதனைக் காலத்துக்குத் தரும் இலக்கத்தைச் சில நிறுவனங்கள் கொண்டுபோக விடுவதில்லை. பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொண்ட பிறகு, பொதி உறைகளில் அந்த இலக்கத்தை அச்சடியுங்கள்.