ஆயுட்சோதனை மாதிரி எண்ணிக்கை

ஆயுட்சோதனை மாதிரி எண்ணிக்கை என்பது, ஒரு கருவி வேண்டிய நம்பகத்தன்மையைக் கொண்டுள்ளது என்று குறித்த நம்பிக்கை மட்டத்தில் நிறுவுவதற்குச் சோதிக்க வேண்டிய அலகுகளின் தொகையாகும். புத்தளம் மாவட்டக் கரையோரத்து இறால் பண்ணைகளில் பயன்படும் துடுப்புச் சக்கரக் காற்றூட்டியைக் கொண்டு இக்கணக்கை விளக்கலாம். உவர்நீரும் உப்புக்காற்றும் அதன் பேரிங்கையும் கியர்பெட்டியையும் அரிக்கின்றன. இரவில் அது நின்றுபோனால் குளத்து நீரில் ஒட்சிசன் குறைந்து இறால்கள் மடியும்.

கணக்கு

ஒரு வளர்ப்புப் பருவத்தில் காற்றூட்டி 2,000 மணி நேரம் ஓடுவதாகக் கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூறு காற்றூட்டிகளாவது அக்காலத்தைத் தாங்க வேண்டும். அதை 90% நம்பிக்கையுடன் காட்ட வேண்டும். உண்மை நம்பகத்தன்மை சரியாக 0.90 என்றால், n கருவிகளும் பழுதின்றித் தப்பும் வாய்ப்பு 0.90-இன் n-ஆம் அடுக்கு. இவ்வாய்ப்பு 10 விழுக்காட்டை மீறாதபோதே, அதைவிடத் தரம் குறைந்த கருவி தற்செயலாகத் தேறிவிடும் ஆபத்து போதிய அளவு அடங்குகிறது. R நம்பகத்தன்மையையும் C நம்பிக்கை மட்டத்தையும் குறித்தால்:

n = ln(1 − C) / ln R

இங்கு விடை 21.9, எனவே 22 கருவிகள் தேவை. R 0.95, C 0.95 எனக் கேட்டால் 59 தேவைப்படும்.

பழுது நேர்ந்தால்

இந்த 22 என்பது ஒரு பழுதும் இல்லாத சோதனைக்கே பொருந்தும். ஒன்று பழுதடைந்தால் 0.90 நம்பகத்தன்மைக்கான நம்பிக்கை மட்டம் ஏறத்தாழ 66 விழுக்காடாக இறங்கும். ஒரு பழுதை அனுமதிப்பதானால், தொடங்கும் முன்பே 38 கருவிகளைத் திட்டமிட வேண்டும். பழுதைக் கண்டபின் மாதிரியைக் கூட்டிக்கொண்டு அதே வாய்பாட்டைப் பயன்படுத்துவது தவறு. எது பழுது என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்.

நேரத்தை நீட்டுதல்

22 கருவிகள் கிடைக்காதபோது, குறைந்த எண்ணிக்கையை நீண்ட நேரம் ஓட்டலாம். இதற்குச் சுவீடன் பொறியியலாளர் வலொடி வெய்புலின் பெயரால் வழங்கும் பரம்பல் உதவுகிறது. சோதனை நேரம் L மடங்காகவும் வடிவப் பரமானம் β ஆகவும் இருந்தால், மேற்கண்ட n-ஐ L-இன் β அடுக்கால் வகுக்க வேண்டும். தேய்மானத்தால் வரும் பழுதுக்கு β 2 எனக் கொண்டு 4,000 மணி நேரம் ஓட்டினால் 6 கருவிகள் போதும். ஆனால் உண்மையான β 1 ஆக இருந்தால், பழுதற்ற அதே சோதனை தரும் நம்பிக்கை மட்டம் ஏறத்தாழ 72% மட்டுமே. ஆகவே β-ஐ முந்தைய பழுதுப் பதிவுகளிலிருந்து பெற வேண்டும். ஐயம் இருந்தால் குறைந்த மதிப்பை எடுப்பது பாதுகாப்பானது.

வரம்புகள்

மாதிரிகள் பல உற்பத்தித் தொகுதிகளிலிருந்து எழுமாறாக எடுக்கப்பட வேண்டும். சோதனை நீரின் உப்புத்தன்மையும் மோட்டாரின் சுமையும் பண்ணைக் குளத்தை ஒத்திருக்க வேண்டும். நன்னீர்த் தொட்டியில் 22 காற்றூட்டிகளும் தேறினாலும், புத்தளத்து உவர்நீரில் அவை எவ்வளவு காலம் உழைக்கும் என்பதற்கு அது சான்றாகாது.