மேன்ஷன் ஹவுஸ் 9000

லண்டனில் 1953ஆம் ஆண்டு தீப்பிடித்தால் அழைக்க ஓர் எண் இருந்தது: 999. திருடன் வந்தாலும் அதுதான். சாகலாமா என்று யோசிப்பவர் யாரை அழைப்பது? இந்தக் கேள்வி சாட் வாரா என்ற ஆங்கிலப் பாதிரியாரைப் பல ஆண்டுகளாக விடவில்லை. 1935இல், ஊழியத்துக்கு வந்த புதிதில், அவர் நடத்திய முதல் நல்லடக்கம் ஒரு சிறுமியுடையது. மாதவிடாய் வந்ததை ஏதோ தகாத நோய் என்று நினைத்து, யாரிடமும் கேட்க முடியாமல் உயிரை விட்டிருந்தாள்.

வாரா செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்தின் பொறுப்பை ஏற்றதும் ஒரு தொலைபேசி எண்ணுக்கு ஆசைப்பட்டார். 999ஐப் போல நினைவில் நிற்க வேண்டும். அந்த வட்டாரத்து இணைப்பகத்தின் பெயரோடு ‘மேன்ஷன் ஹவுஸ் 9000’ என்று கிடைத்தால் நல்லது. கேட்கலாம் என்று போனை எடுத்து, டயலில் படிந்திருந்த தூசியைத் துடைத்தால், அந்தத் தேவாலயத்தின் எண்ணே அதுதான். இதை அவரே சொல்லியிருக்கிறார். கதை கொஞ்சம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் எண் அதுவேதான். நவம்பர் 2ஆம் தேதி முதல் அழைப்பு வந்தது.

உண்மையான கண்டுபிடிப்பு அதற்குப் பிறகுதான் நடந்தது. ஆட்கள் நேரிலும் வரத் தொடங்கினார்கள். வாராவைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்கு டீ கொடுக்கவும் பேச்சுத்துணையாக இருக்கவும் சில தன்னார்வலர்கள் வந்தார்கள். அவர்களிடம் மனசுவிட்டுப் பேசிய பலர், வாராவைப் பார்க்காமலே திரும்பிப் போனார்கள். ஆலோசனை சொல்லத் தெரியாத அந்த ஆட்கள் செய்தது, குறுக்கிடாமல் கேட்டது மட்டும்தான். வாரா அதைப் புரிந்துகொண்டு 1954 பிப்ரவரியில் வேலையை அவர்களிடமே ஒப்படைத்தார். ‘சமாரிட்டன்ஸ்’ அமைப்பு அப்படி உருவானது. அப்போது இங்கிலாந்தில் தற்கொலை முயற்சி குற்றம். 1961 வரை அந்தச் சட்டம் இருந்தது. யாரென்று சொல்லாமல் பேசலாம் என்பதன் அருமை அப்போது எவ்வளவு இருந்திருக்கும்!

அதே வழியில் சென்னையில் 1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் ‘ஸ்நேகா’வைத் தொடங்கினார். எண் 044-24640050. மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ 2022 அக்டோபரில் வந்தது. 14416, கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

இப்படி ஓர் எண்ணை நண்பனுக்குச் சொல்வதில்தான் பலர் தவறுகிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு, “எதுக்குடா இருக்கணும்னு தோணுது” என்று ஒருவன் செய்தி அனுப்புகிறான். பதிலுக்கு எண்ணை மட்டும் அனுப்பினால், ‘என்னைத் தள்ளிவிட்டான்’ என்றுதான் அவனுக்குப் படும். முதலில் அவனைப் போனில் பிடித்து நேராகக் கேட்க வேண்டும்: “செத்துப்போகணும்னு நினைக்கிறியா?” கேட்டால் அந்த நினைப்பை நாமே ஊட்டிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம், ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. அவன் சொல்வதைக் கேட்டபிறகு எண்ணைச் சொல்லலாம்: “நான் எங்கயும் போகல. இவங்க இதைக் கேக்கப் பழகினவங்க. சேர்ந்தே போடுவோமா?”

அழைத்தால் என்ன நடக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. 14416இல் முதலில் பதிவுசெய்த குரல் வந்து மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். இயந்திரம்தான் பேசுகிறது என்று அங்கேயே வைத்துவிட வேண்டாம். கொஞ்சம் காத்திருந்தால் ஆலோசகர் வருவார். சில சமயம் லைன் கிடைக்காது, மறுபடி போட வேண்டும். பேச்சைக் கோவையாகத் தயார்செய்ய வேண்டியதில்லை. “எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல” என்றாலே போதும். அழுதாலும், பேச்சு வராமல் இருந்தாலும் மறுமுனையில் காத்திருப்பார்கள். ‘சாகத் தோன்றுகிறதா, எப்படிச் சாவது என்று யோசித்துவிட்டீர்களா, இப்போது யார் கூட இருக்கிறார்கள்?’ என்று கேட்பார்கள். அது விசாரணை இல்லை. ஆபத்து எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று கணிப்பது. தன்னார்வலர்கள் நடத்தும் எண்ணில் புத்திமதியோ மருந்தோ எதிர்பார்க்கக் கூடாது. டெலி மானஸில் தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள். அழைத்தவர் சொன்னதை வெளியே சொல்ல மாட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டும் பிறர் உதவியை நாட நேரலாம்.

“போலீஸ் கேஸ் ஆகிடுமா?” என்று அவன் கேட்கக்கூடும். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், உயிரை விட முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. அழைத்துப் பேசுவது எந்தக் காலத்திலும் குற்றமாக இருந்ததில்லை.

ஒரே ஒரு அழைப்பில் கடனோ காதல் முறிவோ தீராது. அந்த இரவைத் தாண்டவும், அடுத்து யாரைப் பார்ப்பது என்று முடிவு செய்யவும் உதவும். அவன் போட மறுத்தால், நண்பனை எப்படிக் கையாள்வது என்று கேட்டு நாமே அதே எண்ணுக்கு அழைக்கலாம். ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டான் என்றாலோ, செய்யப்போகிறான் என்று தெரிந்தாலோ 108 அல்லது 112. வண்டி வரும்வரை அவனைத் தனியே விடக் கூடாது.