ஷாதி மஹாலின் வார நாள் வாடகை: கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டாம்

நம் மஹல்லாக்களில் பள்ளிவாசலை ஒட்டியோ, ஜமாஅத் வாங்கிப் போட்ட மனையிலோ ஒரு ஷாதி மஹால் நிற்கிறது. ஞாயிறன்று அங்கே தேதி கிடைப்பது பெரும்பாடு. திங்கள் முதல் வெள்ளி வரை கதவு பூட்டியே கிடக்கும். இந்த நிலையில் நிர்வாகக் கூட்டத்தில் யாராவது ஒருவர், "வார நாளில் பாதி வாடகை என்று போட்டுவிடலாம், தானாக வருவார்கள்" என்பார். தீர்மானம் நிறைவேறும். ஆண்டுக் கணக்கு பார்க்கும்போது மஹால் நிறைந்திருக்கும், பணம் மட்டும் கூடியிருக்காது. இது ஏன் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பாதி, முக்கால் என்று ஞாயிறு வாடகையிலிருந்து கீழே இறங்கி வருவதுதான் கணக்கைத் தலைகீழாகப் போடுவது. வார நாள் வாடகையை அந்த நாளின் செலவிலிருந்து மேலே ஏற்ற வேண்டும். மஹாலுக்கு இரண்டு வகைச் செலவு உண்டு. காவலாளி சம்பளம், சொத்து வரி, பராமரிப்பு, வெள்ளையடிப்புக்கு ஒதுக்குவது போன்றவை நிகழ்ச்சி நடந்தாலும் நடக்காவிட்டாலும் போகும். கூட்டிக் கழுவும் கூலி, தண்ணீர் லாரி, குப்பை அள்ளுவது, நாற்காலி, பாத்திரத் தேய்மானம் ஆகியவை நிகழ்ச்சி நடந்தால் மட்டுமே வரும். கரண்டை மீட்டர் பார்த்துத் தனியாக வாங்கிவிட்டால் இந்த இரண்டாவது செலவைச் சுலபமாகக் கணக்கிடலாம். அதுதான் வாடகையின் தரை. அதற்குக் கீழே கொடுத்தால் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் மஹால் கைக்காசைப் போடுகிறது என்று பொருள்.

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். ஐந்நூறு பேர் அமரும் ஒரு மஹால். எந்த நாளானாலும் வாடகை 35,000 ரூபாய். ஆண்டில் 30 ஞாயிறுகளும் 8 வார நாட்களும் போகின்றன. மொத்த வரவு 13 லட்சத்து 30 ஆயிரம். ஒரு நிகழ்ச்சிக்கு 9,000 ரூபாய் செலவு என்றால், 38 நிகழ்ச்சிக்குப் போக மீதி 9 லட்சத்து 88 ஆயிரம். நிலையான செலவு 9 லட்சம். ஆக ஆண்டு முழுவதும் நடத்தி மிஞ்சுவது 88 ஆயிரம்.

இப்போது வார நாள் வாடகையை 20,000 ஆகக் குறைக்கிறோம். குறைத்த மறுநாளே ஒரு நஷ்டம் வந்துவிடுகிறது. ஏற்கெனவே 35,000 கொடுத்து வந்த அந்த எட்டுப் பேரும் இனி 20,000தான் கொடுப்பார்கள். ஆளுக்கு 15,000 வீதம் ஒரு லட்சத்து 20 ஆயிரம் போயிற்று. புதிதாக வரும் ஒவ்வொரு வார நாளிலும் செலவு போக 11,000 நிற்கும். ஆகவே பதினோரு புதிய நிகழ்ச்சிகள் வந்தால்தான் பழைய இடத்துக்கே திரும்ப முடியும். பத்து வந்தால்கூட மஹால் பத்தாயிரம் ரூபாய் பின்னால்தான் நிற்கிறது. "மஹால் நிறைந்தது, பணம் கூடவில்லை" என்பதன் காரணம் இதுதான்.

அப்படியென்றால் குறைக்கவே கூடாதா? அதற்கு முன்னால், வார நாளில் வராதவர் ஏன் வரவில்லை என்று தெரிய வேண்டும். புக்கிங் டைரி இதைச் சொல்லாது. அதில் வந்தவர் பெயர்தான் இருக்கும், கேட்டுவிட்டுப் போனவர் பெயர் இருக்காது. மேனேஜர் மேசையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்து, போனில் கேட்பவரிடமும் நேரில் வருபவரிடமும் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளச் சொன்னால் போதும்: எந்தத் தேதி கேட்டார், என்ன நிகழ்ச்சி, எத்தனை பேர், ஏன் எடுக்கவில்லை. ஆறு மாதத்தில் அந்த நோட்டு பேச ஆரம்பித்துவிடும்.

பெரும்பாலும் அது சொல்வது, வாடகை அதிகம் என்பதைவிட இடம் அதிகம் என்பதுதான். அகீகா, நிச்சயம், கத்னா, சகோதர சமுதாயத்தாரின் வளைகாப்பு, காதணி விழா என வார நாளில் நடப்பவற்றுக்கு எண்பது, நூறு பேர்தான் வருவார்கள். அவர்களுக்கு ஐந்நூறு பேர் கூடத்தைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் பயனில்லை. காலியான நாற்காலிகளுக்கு நடுவே விருந்து வைக்க யாருக்கும் மனம் வராது. ஓட்டலின் சின்ன பார்ட்டி ஹாலுக்குப் போய்விடுகிறார்கள்.

அவர்களுக்கு வேண்டியது சாப்பாட்டுக் கூடம் மட்டும், அரை நாள். மேல்தளத்தைப் பூட்டிவிட்டு, சாப்பாட்டுக் கூடத்தையும் ஒரு கழிவறைத் தொகுதியையும் திறந்து, காலை 9 முதல் 3 வரை அல்லது மாலை 4 முதல் 10 வரை கொடுக்கலாம். சமையல் வெளியிலிருந்து வர வேண்டும். மஹால் சமையலறையைத் திறந்தால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவவே ஒரு நாள் கூலி போய்விடும். இதற்குச் செலவு 4,000, வாடகை 9,000 என்று வைப்போம். ஆண்டுக்கு நாற்பது நிகழ்ச்சி, அதாவது வாரத்துக்கு ஒன்றுகூட இல்லை. அதிலேயே இரண்டு லட்சம் நிற்கிறது. கூடவே ஞாயிறு வாடகையை 40,000 ஆக்கி, அதனால் இரண்டு ஞாயிறு போனாலும் 28 ஞாயிறுகளில் முன்பைவிட 88 ஆயிரம் கூடுதல். பத்து புதிய முழு வார நாளையும் சேர்த்தால் ஆண்டுக் கூடுதல் 2 லட்சத்து 78 ஆயிரம். முழு மஹாலைப் பாதி விலைக்குக் கொடுத்ததில் அதில் ஒரு காசும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

வாடகையை 9,000 என்று எடுத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பதிவு பெற்ற சமய அல்லது அறக்கட்டளை நிர்வகிக்கும் பொது வழிபாட்டுத் தலத்தின் வளாகத்தில் உள்ள மண்டபத்துக்கு, நாள் வாடகை 10,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. பத்தாயிரத்தைத் தொட்டால் விலக்கு இல்லை. பள்ளி வளாகத்துக்கு வெளியே தனி மனையில் நிற்கும் மஹாலுக்கு இது பொருந்துமா என்பதை ஆடிட்டர் பத்திரங்களைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சேவைகளின் மொத்த வரவு ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் வரும் என்பதால், தேதிகள் நிறைய நிறைய அந்த எல்லையையும் பார்த்துக்கொண்டே போக வேண்டும். நம் உதாரண மஹாலின் புதிய வரவு 18 லட்சத்து 40 ஆயிரம். பக்கத்தில் வந்துவிட்டது.

சின்ன நிகழ்ச்சியால் வரும் ஆபத்து, அது பெரிய நிகழ்ச்சியின் தேதியில் போய் உட்கார்ந்துகொள்வது. நாலு மாதம் முன்பே ஒரு ஞாயிறை 9,000க்குக் கொடுத்துவிட்டால், பிறகு வரும் நிகாஹுக்கு இடமில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டுக் கூடத்தைத் தனியாகக் கொடுப்பது, அந்தத் தேதிக்கு மூன்று வாரம் இருக்கும்போது மஹால் காலியாக இருந்தால் மட்டுமே என்று விதி வைக்க வேண்டும். முகூர்த்த நாட்களுக்கும் இதே விதி. நம் நிகாஹுக்கு நாள் பார்ப்பதில்லை என்பதால் நம் நிர்வாகிகள் தினசரிக் காலண்டரின் முகூர்த்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை. வைகாசியிலும் ஆவணியிலும் தையிலும் புதன், வியாழன்களில் வரும் முகூர்த்தங்களுக்கு அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் இடம் தேடி அலையும். அந்த நாளுக்கு 20,000 என்பது குறைவு. சமையலறையில் சைவம் மட்டும் கேட்பார்களா, மஹாலில் எவை கூடாது என்பதை முன்பே எழுத்தில் பேசிவிட்டால் சங்கடம் இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் நிலைமை மாறும். ஊரின் மற்ற மண்டபங்கள் காலியாகி வாடகையைக் குறைக்கும், நம் ஞாயிறு ஆட்களும் அங்கே விலை கேட்பார்கள்.

ஆங்கில மாதத்தை வைத்து அட்டவணை அச்சடித்தால் அடுத்த ஆண்டே பிசகும். ஹிஜ்ரி ஆண்டு பதினோரு நாள் போல முன்னால் நகர்கிறது. 2025இல் மார்ச் தொடக்கத்தில் வந்த ரமலான், 2026இல் பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்கு வந்தது. ஸபர் மாதத்தில் நம்மவர் பலர் திருமணத்தைத் தவிர்க்கிறார்கள். அதில் பீடை எதுவும் இல்லை என்பது நபிமொழியிலேயே தெளிவு. ஆனால் "ஸபர் தள்ளுபடி" என்று போர்டு வைத்துவிட வேண்டாம். அது அந்த நம்பிக்கைக்கு நாமே முத்திரை குத்துவதாகும்.

வக்ஃப் சொத்தைச் சந்தை வாடகைக்குக் கீழே கொடுக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. வக்ஃப் சொத்தை அதன் நிகர வாடகையான உஜ்ரதுல் மிஸ்லுக்கு வெகுவாகக் குறைத்து விடக்கூடாது என்பது ஃபிக்ஹ் நூல்களில் உள்ள சட்டம்தான். ஆனால் செவ்வாய்க்கிழமையின் நிகர வாடகையைச் செவ்வாய்க்கிழமையில் ஊரார் கொடுப்பதை வைத்துப் பார்க்க வேண்டும். ஞாயிறுக்குரியதை அதன் மேல் ஏற்றிப் பார்ப்பது சரியல்ல. மாறாக, செயலாளருக்கு வேண்டியவர் என்பதற்காக ஞாயிறைப் பாதிக்குக் கொடுப்பதுதான் அந்தச் சட்டத்தில் சிக்கும். ஏழைக் குடும்பத்துக்குச் சலுகை வேண்டுமானால் அதற்கென ஸதகா நிதி ஒன்றை வைத்து, அதிலிருந்து வாடகைக் கணக்கில் வரவு வைக்கலாம். வாடகைப் பட்டியல் அப்படியே இருக்கும்.

அட்வான்ஸ் விஷயம் ஒன்று. நிகழ்ச்சி ரத்தானால் முன்பணத்தை முழுதாக வைத்துக்கொள்வது பல மஹால்களின் வழக்கம். இது 'அரபூன்' என்ற தலைப்பில் வரும். ஹனஃபி, ஷாஃபிஈ, மாலிகி மத்ஹபுகள் இதை அனுமதிப்பதில்லை, ஹம்பலி மத்ஹபில் அனுமதி உண்டு. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1993இல், காலக்கெடு குறிக்கப்பட்டிருந்தால் கூடும் என்று முடிவு செய்தது. நம் பகுதியின் மத்ஹபுகளைப் பார்த்தால், தேதி வேறொருவருக்குப் போய்விட்டால் முழுதும் திருப்பிக் கொடுப்பது, போகாவிட்டால் உண்மையில் ஆன செலவை மட்டும் பிடிப்பது என்று ரசீதிலேயே அச்சடிப்பது பேணுதலானது. வியாபார ரீதியாகவும் இதில் பலன் உண்டு. பணம் திரும்பும் என்று தெரிந்தால் ரத்து செய்பவர் ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுகிறார், அந்தத் தேதியை விற்க நமக்கு நேரம் கிடைக்கிறது.

புதிய வாடகை சரியாக வேலை செய்கிறதா என்பதை அதே நோட்டில் பார்க்கலாம். வார நாள் எடுத்தவரிடம், முதலில் எந்த நாள் நினைத்திருந்தீர்கள் என்று கேட்டு எழுத வேண்டும். "ஞாயிறுதான், இங்கே குறைவு என்று மாறினோம்" என்ற பதில் அடிக்கடி வந்து, அந்த ஞாயிறுகளும் காலியாகவே நின்றால், ஞாயிறுக்கும் வார நாளுக்கும் உள்ள இடைவெளி அதிகமாகிவிட்டது. மாறியவர் விட்ட ஞாயிறை இன்னொருவர் எடுத்திருந்தால் இடைவெளி சரியாக இருக்கிறது. ஓர் ஆண்டு நோட்டு கையில் இல்லாமல் பட்டியலை மறுபடி மாற்ற வேண்டாம்.