நன்னடத்தைக் கட்டளையில் உள்ள இளைஞன் ஊர் மாறினால்?

"சேர், மகனை புரொபேசனில விட்டுட்டாங்க, கேஸ் முடிஞ்சி" என்று என்னிடம் படித்த மாணவன் ஒருவனின் வாப்பா சொன்னார். எங்கள் ஆசிரியர் நியமனக் கடிதத்திலும் இதே ஆங்கிலச் சொல் வரும். அது தகுதிகாண் காலம். நீதிமன்றம் சொல்வது வேறு. அதில் வழக்கு முடிவதில்லை. தீர்ப்பு வந்தாலும் தண்டனை தீர்மானிக்கப்படாமல் காத்திருக்கிறது.

1944ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க குற்றவாளிகள் நன்னடத்தைக் கட்டளைச் சட்டத்தின் கீழ், குற்றவாளியாகக் காணப்பட்டவரைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் விட நீதவானுக்கு அதிகாரம் உண்டு. நிபந்தனைகளை விளங்கும் மொழியில் எடுத்துச் சொல்லி, அவற்றுக்குக் கட்டுப்படச் சம்மதமா என்று நீதிமன்றம் கேட்கும். சம்மதித்தால்தான் கட்டளை. தலையாட்டும் அந்த ஒரு நிமிடத்தில் பிள்ளையும் பெற்றோரும் கவனமாக இருப்பதில்லை. எப்படியாவது வீட்டுக்குப் போனால் போதும் என்ற நிலை.

ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையையும் இதையும் சிலர் ஒன்றாக நினைக்கிறார்கள். அதில் எத்தனை மாதச் சிறை என்பது முதலிலேயே குறிக்கப்பட்டுவிடும். நன்னடத்தைக் கட்டளையில் அது குறிக்கப்படுவதில்லை. மீறினால் பழைய குற்றத்துக்கே புதிதாகத் தண்டனை விதிக்கலாம்.

நான் சொன்ன அந்த மாணவனுக்கு அப்போது 19 வயது. கடையொன்றில் கைப்பேசி எடுத்தான், குற்றத்தை ஒப்புக்கொண்டான், முதல் குற்றம். உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பெற்றோரிடமும் அயலவரிடமும் விசாரித்து நீதிமன்றுக்கு அறிக்கை கொடுத்தார். கிடைத்தது இரண்டு வருடக் கட்டளை. மாதம் ஒருமுறை உத்தியோகத்தரைச் சந்திக்க வேண்டும், பெற்றோரின் வீட்டில் இருக்க வேண்டும், விலாசம் மாறினால் அறிவிக்க வேண்டும், கடைக்காரருக்குத் தவணையில் பணம் கட்ட வேண்டும். நிபந்தனைகள் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆனால் உத்தியோகத்தருக்குத் தெரியாமல் ஊர் மாறக்கூடாது என்பதை அநேகமாக எல்லோருக்கும் பொதுவானதாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆறு மாதம் ஒழுங்காகப் போனான். ஏழாவது மாதம் மாமா ஒருவர் கொழும்பு புறக்கோட்டையில் கடை வேலை பிடித்துக் கொடுத்தார். வியாழன் சொன்னார், வெள்ளி இரவு பஸ் ஏறிவிட்டான். "அடுத்த மாதம் போய்ச் சொல்லலாம்" என்று நினைத்தானாம். முதலாளி லீவு தரவில்லை. இரண்டு சந்திப்புகள் தவறின. உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தபோது, "கொழும்புல இருக்கான்" என்று மட்டும் உம்மா சொன்னார்; விலாசம் தெரியாது. விடயம் நீதிமன்றுக்குப் போனது. அழைப்பாணை வீட்டுக்கு வந்தது. ஊருக்குத் தெரிந்தால் வெட்கம் என்று வாப்பா அதை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். மகனுக்குக் கூடச் சொல்லவில்லை. அடுத்தது பிடியாணை. பெருநாளைக்கு ஊர் வந்தவனைப் பொலிஸார் கூட்டிப்போனார்கள்.

இங்கே அவன் புதிதாக எதையும் களவெடுக்கவில்லை. நான் கண்டவரை கட்டளைகள் அதிகம் உடைவது இப்படித்தான். வேலை, விலாசம், சொல்லாமல் விடுதல்.

புறப்படுவதற்கு முந்தைய வாரம் உத்தியோகத்தரிடம் போய், வேலை செய்யப்போகும் கடையின் பெயர், தங்குமிட விலாசம், முதலாளியின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைக் கொடுத்திருந்தால் போதும். கட்டளையில் விலாசத்தை மாற்றவும், மேற்பார்வையை அந்தப் பகுதி உத்தியோகத்தரிடம் ஒப்படைக்கவும் நீதிமன்றத்தைக் கேட்க அவரால் முடியும். நன்னடத்தை சேவை மாகாண சபைகளுக்குரிய விடயம். மாகாணம் விட்டு மாகாணம் போகும்போது கடிதப் போக்குவரத்துக்கு நாள் எடுக்கும். பதில் வரும்வரை பழைய இடத்திலேயே முகம் காட்ட வேண்டும். காய்ச்சலால் போக முடியாவிட்டால் அன்றே தொலைபேசியில் சொல்லி, வைத்தியசாலைத் துண்டைப் பத்திரப்படுத்த வேண்டும். போன திகதிகளை ஒரு கொப்பியில் எழுதிவைப்பதும் நல்லது. தகராறு வந்தால் வாய்ப்பேச்சு நிற்காது.

கட்டார், சவூதி என்று போக நினைப்பவர் ஏஜென்சிக்குக் காசு கட்டுமுன் நீதிமன்ற அனுமதியைக் கேட்க வேண்டும். வெளிநாடு போனதால் கட்டளை முடிந்துவிடாது. பிடியாணையும் நிறைவேற்றப்படும் வரை அல்லது நீதிமன்றம் அதை மீளப்பெறும் வரை உயிரோடுதான் இருக்கும்.

நிபந்தனை மீறலுக்கு நீதவான் சிறு அபராதத்தோடு கட்டளையைத் தொடரவிடலாம், அல்லது பழைய குற்றத்துக்குத் தண்டனை விதிக்கலாம். கட்டளைக் காலத்தில் புதுக் குற்றம் செய்தால் இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டி வரும். மேற்பார்வையில் கழித்த மாதங்களைக் காட்டித் தப்ப முடியாது.

எங்கள் மாணவனின் சட்டத்தரணி, முதலாளியின் கடிதத்தையும் கடைக்காரருக்குப் பணம் கட்டிய பற்றுச்சீட்டுகளையும் காட்டினார். நீதவான் அபராதம் விதித்து, மேற்பார்வையைக் கொழும்புக்கு மாற்றினார். பொலிஸ் காவலில் இரண்டு இரவு கழிந்திருந்தது. பெருநாள் தொழுகையும் தவறியிருந்தது. அலுமாரியில் கிடந்த அழைப்பாணையை வாப்பா அன்றுதான் மகனிடம் கொடுத்தார்.