எல்லையோரக் கடை வாடகையும் ஜிஎஸ்டி பதிவும்: பாறசாலை, நெய்யாற்றின்கரை

வணிகத்துக்கு விடப்படும் கடைமுறியின் வாடகை மீது இந்தியாவில் விதிக்கப்படும் வரி, 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி, அதாவது ஜிஎஸ்டி. பேச்சுவழக்கில் இதை இன்னும் விற்பனை வரி என்பவர் உண்டு. ஆனால் பழைய விற்பனை வரி பொருளுக்கானது, வாடகையை அது தொட்டதில்லை. வாடகைக்கு முதலில் வந்தது மத்திய அரசின் சேவை வரி, 2007 ஜூன் 1 முதல். கட்டடத்தை வாடகைக்கு விடுவது மட்டும் சேவை ஆகாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் சொன்னது. நாடாளுமன்றம் 2010இல் சட்டத்தை முன்தேதியிட்டுத் திருத்தி அந்த வாதத்தின் வாயிலை அடைத்தது. ஜிஎஸ்டி சட்டமோ இரண்டாம் அட்டவணையிலேயே, வணிகத்துக்காகக் கட்டடத்தை வாடகைக்கு விடுவது சேவை வழங்கல் என்று எழுதிவைத்திருக்கிறது. வரி விகிதம் 18 சதவீதம். வரி உண்டா என்பதில் இனி சந்தேகமில்லை. அதைக் கட்ட வேண்டியவர் கட்டட உரிமையாளரா, கடைக்காரரா, அல்லது இருவரும் இல்லையா என்பதுதான் கேள்வி. திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே மாநில எல்லை ஓடும் ஊர்களில் இந்தக் கேள்விக்கு இன்னொரு முடிச்சும் விழுகிறது.

1956 நவம்பர் 1 அன்று, களியக்காவிளையும் மார்த்தாண்டமும் அடங்கிய விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. குடும்பங்களும் நிலங்களும் அந்தக் கோட்டின்படி பிரியவில்லை. களியக்காவிளையில் குடியிருப்பவருக்குப் பாறசாலைச் சந்தையில் கடை இருக்கும், பாறசாலைக்காரருக்கு மார்த்தாண்டத்தில் கட்டடம் இருக்கும். ஜிஎஸ்டி வந்ததும் அமரவிளையின் வணிகவரிச் சோதனைச்சாவடி மறைந்தது. அதைப் பார்த்து எல்லையே வரியிலிருந்து போய்விட்டது என்று நினைப்பது இயல்பு. சரக்கு வண்டிக்கு அது பொருந்தும், நகராத கட்டடத்துக்குப் பொருந்தாது. அசையாச் சொத்து சார்ந்த சேவை நுகரப்படும் இடம் அந்தச் சொத்து நிற்கும் இடமே என்று ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. கட்டடம் எங்கே நிற்கிறது என்பது வரியின் வகையைத் தீர்மானிக்க உதவுகிறது. பதிவு வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பதோ உரிமையாளரின் பான் எண்ணின் கீழ் நாடெங்கும் சேரும் மொத்த வரவு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் எல்லையோரப் பிழைகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

சேவை வழங்குபவரின் மொத்த விற்றுமுதல் ஒரு நிதியாண்டில் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம். பலர் சொல்லும் 40 லட்ச வரம்பு, பொருள் மட்டும் விற்பவருக்கு உரியது. வாடகை வாங்குபவர் அதில் ஒதுங்க முடியாது. மொத்த விற்றுமுதல் என்பதில் வரியுள்ள வரவோடு வரிவிலக்குப் பெற்ற வரவும் சேரும். குடியிருக்க விட்ட வீட்டின் வாடகைக்கு வரி இல்லை, ஆனால் கணக்கில் அது வரும். வரியே இல்லாததை எதற்குக் கூட்ட வேண்டும் என்ற ஆட்சேபம் நியாயமாகத் தோன்றும். ஆனால் வீட்டு வாடகை மீது இதனால் ஒரு பைசா வரியும் விழுவதில்லை. ஒருவரின் பொருளாதார அளவைக் காட்டும் அளவுகோலாக மட்டுமே சட்டம் அதை எடுத்துக்கொள்கிறது. கடைக்காரரிடம் வாங்கும் அட்வான்ஸ், திருப்பித் தர வேண்டிய தொகையாக இருக்கும்வரை விற்றுமுதலில் சேராது. பாக்கி வாடகைக்கு அதிலிருந்து கழித்துக்கொள்ளும் அன்று அது வாடகையாகிவிடும்.

எண்களில் பார்த்தால் விளங்கும். களியக்காவிளையில் குடியிருக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பாறசாலையில் ஒரு துணிக்கடைக்கு மாதம் 60,000 ரூபாய்க்குக் கடைமுறி விட்டிருக்கிறார். களியக்காவிளையில் இன்னொரு வணிகக் கட்டடத்துக்கு 80,000, மார்த்தாண்டத்தில் ஒரு குடும்பம் குடியிருக்கும் வீட்டுக்கு 15,000. ஆண்டுக்கு 18,60,000 ரூபாய், ஆகவே பதிவு வேண்டாம். அடுத்த ஏப்ரலில் ஒப்பந்தப்படி கடை வாடகைகள் 10 சதவீதம் ஏறி 66,000, 88,000 ஆகின்றன. வீட்டு வாடகை அப்படியே. மாத வரவு 1,69,000. பதினொரு மாதத்தில் 18,59,000 சேர்கிறது, மார்ச் மாத வாடகையோடு 20,28,000 ஆகிறது. கடை வாடகை மட்டும் 18,48,000 தான். வரம்பைத் தாண்ட வைத்தது வரியில்லாத வீட்டு வாடகை. தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் GST REG-01 படிவத்தில் விண்ணப்பித்தால் பதிவு அந்த நாளிலிருந்தே செல்லும், முந்தைய மாதங்களின் வாடகைக்கு வரி கேட்கப்படாது. தாமதித்தால் பதிவு வழங்கப்பட்ட நாளிலிருந்துதான் அது செல்லும். இடைப்பட்ட காலத்து வரியையோ அப்போதும் கட்டியாக வேண்டும், ஆண்டுக்கு 18 சதவீத வட்டியோடு. பதிவு செய்யத் தவறியதற்கான தண்டம் 10,000 ரூபாய் அல்லது தவறிய வரி, இவற்றில் கூடுதலானது. வருமான வரிக் கணக்கில் காட்டிய வாடகையும், வாடகையில் கடைக்காரர் பிடித்துக் கட்டிய வரியும் அதே பான் எண்ணில் பதிவாகியிருப்பதால் இந்தக் கூட்டல் துறைக்கும் எளிது.

இனி எல்லை. இவர் வசிப்பது தமிழ்நாட்டில், கடை கேரளத்தில். இது மாநிலங்களுக்கிடையிலான சேவை. அப்படியானால் 20 லட்சத்துக்குக் கீழேயும் கட்டாயப் பதிவு உண்டே என்ற அச்சம் எல்லையோரத்தில் வலுவாக இருக்கிறது. மாநிலம் தாண்டி வழங்குபவர் முதல் ரூபாயிலிருந்தே பதிவு செய்ய வேண்டும் என்று 24ஆம் பிரிவு சொல்வது உண்மை, ஜிஎஸ்டியின் தொடக்க மாதங்களில் சேவைக்கும் அதுவே நிலை. 2017 அக்டோபர் 13 அன்று வந்த 10/2017 எண் அறிவிப்பு, 20 லட்சத்தைத் தாண்டாத சேவை வழங்குநரை அதிலிருந்து விடுவித்தது. ஆகவே எல்லைக்கு அப்பால் ஒரு கடைமுறி இருப்பது மட்டும் யாரையும் பதிவுக்குள் தள்ளாது.

பதிவு தேவைப்பட்ட பிறகுதான் எல்லை வேலை செய்கிறது. நம் உதாரணக்காரர் தமிழ்நாட்டில் பதிவு பெற்றால், களியக்காவிளைக் கடைக்கு மத்திய வரி 9, மாநில வரி 9 என்று போடுவார், பாறசாலைக் கடைக்கு ஒருங்கிணைந்த வரி 18 போடுவார். கேரளத்தில் கட்டடம் இருக்கிறதே, அங்கேயும் பதிவு வேண்டாமா என்ற கேள்விக்கு விடை, அங்கே என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆளும் அலுவலக ஏற்பாடும் நிலையாக இருக்கும் இடத்தைத்தான் சட்டம் நிலையான நிறுவனம் என்கிறது. பூட்டைத் திறந்து சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்த வெறும் கட்டடம் அப்படி ஆகாது. பாறசாலையில் ஆள் வைத்து அலுவலகம் நடத்தினால் கேரளப் பதிவு பொருத்தம். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் பாறசாலை வாடகைக்குத் தமிழ்நாட்டு மாநில வரி போட்டுவிட்டால், கேரளக் கடைக்காரர் அதை வரவு எடுக்க முடியாது. உரிமையாளர் சரியான வரியை மறுபடி கட்டி, தவறாகக் கட்டியதைத் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். தமிழ்நாட்டுப் பதிவில் ஒரு குறையும் உண்டு. பாறசாலைக் கட்டடத்தின் பழுதுபார்ப்புக்குக் கேரள மேஸ்திரி போடும் கேரள மாநில வரியை அந்தப் பதிவில் வரவு எடுக்க இயலாது.

பதிவில்லாத உரிமையாளரின் கடைக்கு வரியே இல்லை என்பது 2024 அக்டோபர் 9 வரை சரி. மறுநாள் முதல், பதிவில்லாதவரிடம் வணிகக் கட்டடத்தை வாடகைக்கு எடுக்கும் பதிவுபெற்ற கடைக்காரரே வரி கட்ட வேண்டும். ரிவர்ஸ் சார்ஜ் என்று கணக்கர்கள் சொல்வது இதைத்தான். துணிக்கடைக்காரர் 60,000 ரூபாயை முழுதாக உரிமையாளரிடம் கொடுத்து, தானே ஒரு விலைப்பட்டியல் எழுதி, 10,800 ரூபாயைப் பணமாக அரசுக்குக் கட்டி, பிறகு தன் விற்பனைக்கான ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வார். வரியுள்ள பொருள் விற்பவருக்கு இது சுமையல்ல, சில வாரங்களுக்குப் பணம் முடங்குவது மட்டுமே. கழிக்க வழியில்லாத காம்போசிஷன் திட்டத்துச் சிறு வணிகருக்கோ முழு இழப்பு. அந்தக் குறை உணரப்பட்டு, 2025 ஜனவரி 16 முதல் அவர்கள் இதிலிருந்து நீக்கப்பட்டார்கள். பதிவே இல்லாத கடைக்காரருக்கு இது ஒருபோதும் பொருந்தியதில்லை. ஆக, ஒரே வரிசையில் ஒரே வாடகைக்கு இருக்கும் மூன்று கடைகளில் ஒன்றுக்கு மட்டும் வரி விழலாம். அது பிழையல்ல, கடைக்காரரின் பதிவு நிலை வேறு என்பதே காரணம்.

இங்கே ஒரு கூர்மையான வாதம் எழுகிறது. தன் சேவை முழுவதற்கும் பெறுபவரே வரி கட்டுகிறார் என்றால், அப்படி மட்டும் வழங்குபவர் பதிவு செய்ய வேண்டாம் என்று 2017 ஜூன் 19ஆம் தேதியின் 5/2017 அறிவிப்பு சொல்கிறது. எல்லாக் கடைக்காரரும் பதிவுபெற்றவராக இருந்தால், 20 லட்சத்தைத் தாண்டிய உரிமையாளரும் பதிவின்றி இருக்கலாமே? எழுத்துப்படி படித்தால் அந்த வாதத்துக்கு இடம் உண்டு. ஆனால் அது நிற்கும் தரை மெல்லியது. வரி கடைக்காரரிடம் போனதே உரிமையாளர் பதிவில்லாதவர் என்பதால்தான், அந்த நிலையையே பதிவு வேண்டாமைக்குக் காரணமாகக் காட்டுவது சுற்றி வரும் தர்க்கம் என்று துறை மறுக்க முடியும். மேலும் ஒரே ஒரு கடைக்காரர் பதிவை ரத்து செய்தாலோ காம்போசிஷனுக்கு மாறினாலோ, முழுவதற்கும் என்ற நிபந்தனை அன்றே உடையும். உரிமையாளருக்கு அது தெரியவரும்போது 30 நாள் கடந்திருக்கும். 20 லட்சத்தைத் தாண்டியவர் பதிவு செய்துகொள்வதே தாங்கும் நிலைப்பாடு என்பது இக்கட்டுரையின் முடிவு.

கூட்டுச் சொத்தில் பங்கு பத்திரத்தில் தெளிவாக இருந்து, வாடகையும் தனித்தனியே அவரவர் கணக்குக்குப் போனால், ஒவ்வொருவருக்கும் தனி வரம்பு என்று வாதிட வலுவுண்டு. ஒருவர் பெயரில் இருக்கும் கட்டடத்தின் வாடகையைக் காகிதத்தில் மட்டும் மனைவிக்கும் மகனுக்கும் பிரித்தால் அந்த வலு இல்லை. பதிவு வந்த பிறகு பெரும் சண்டை எழுவது வரியைப் பற்றி ஒப்பந்தம் எதுவும் சொல்லாதபோதுதான். கடைக்காரர் கூடுதலாகத் தர மறுத்தால், 66,000 ரூபாய் வரி உள்ளடங்கிய தொகையாகக் கணக்கிடப்படும். அதில் 10,068 ரூபாய் வரியாகப் போய், உரிமையாளர் கையில் 55,932 நிற்கும். வாடகைச் சீட்டு எழுதும் அன்றே, ஜிஎஸ்டி பொருந்தினால் வாடகைக்கு மேல் தனியாக என்ற ஒரு வரியைச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.