நாளிதழ்த் தலைப்புகளில் தொழிற்பெயரும் வினைமுற்றும்: பெங்களூரு, 2016

தமிழ்நாளிதழ்த் தலைப்புகள் பெரும்பாலும் வினைமுற்றால் முடிவதில்லை. உத்தரவு, திறப்பு, மறுப்பு என்னும் பெயர்களால் முடிகின்றன. இடச்சுருக்கமே இதற்குக் காரணம் என்பர். அக்கருத்து முழுதும் பொருந்துவதாகத் தோன்றவில்லை. 2016 செப்டம்பரில் பெங்களூருவில் எழுந்த காவிரிச் சிக்கல் இதனை ஆராய ஏற்றது. தினச்சுடரும், தினத்தந்தி, தினமணி ஆகியவற்றின் பெங்களூருப் பதிப்புகளும் வெளிவரும் அந்நகரில், தலைப்பை மட்டும் படித்து நிலைமையை உணரும் தமிழர் பலர். கீழ்வரும் தலைப்புகள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை.

செப்டம்பர் 5 அன்று, பத்து நாள்களுக்கு வினாடிக்கு 15,000 கன அடி நீரைத் தமிழகத்துக்குத் திறக்குமாறு கர்நாடகத்துக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இச்செய்தியை, ‘தமிழகத்துக்கு 15,000 கன அடி நீர் திறக்க உச்ச நீதிமன்றம் உத்தரவு’ எனச் சுருக்கலாம். ‘உத்தரவிட்டது’ எட்டெழுத்து, ‘உத்தரவு’ ஐந்தெழுத்து. மூன்றெழுத்து மிஞ்சுகிறது, பொருள் குறையவில்லை. ‘திறக்க’ என்னும் எச்சம், செயல் இன்னும் நிகழவில்லை என்பதைக் காத்து நிற்கிறது.

இடம் மேலும் குறுகும்போது, ‘தமிழகத்துக்கு 15,000 கன அடி நீர் திறப்பு’ என்றாகிறது. இங்கேதான் பிழை நேர்கிறது. ஆணை செயலாகிவிட்டது. வினை செய்பவனையும் காலத்தையும் உணர்த்தும் என்கிறது நன்னூல். ‘திறப்பு’ என்னும் தொழிற்பெயர் இரண்டையும் உணர்த்தவில்லை. திறந்தாயிற்றா, திறக்கப்படுமா, திறக்க ஆணையா என்பதை அறிய வழியில்லை. இத்தனை இழப்புக்கும் கிடைத்த ஆதாயம் ஓரெழுத்தே. ‘திறப்பு’ நான்கெழுத்து; ‘திறந்தது’, ‘திறக்கும்’, ‘திறக்காது’ ஆகிய மூன்றும் ஐந்தெழுத்து. இறப்பு, எதிர்வு, எதிர்மறை ஆகியவற்றை அந்த ஓரெழுத்தின் செலவில் பெறலாம். ‘கைது செய்யப்பட்டார்’ என்பதைக் ‘கைது’ என்பதே போல மிகுதியாகச் சுருங்கும் இடங்கள் வேறு. அங்கே மரியாதை விகுதி பற்றிய தயக்கமும் நீங்குகிறது.

செப்டம்பர் 12 அன்று நீதிமன்றம் அளவை 12,000 கன அடியாகக் குறைத்து, 20ஆம் நாள் வரை திறக்கப் பணித்தது. அன்று பெங்களூருவில் வன்முறை மூண்டது. தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிக்கப்பட்டன. அத்தகைய நாளில் ‘நீர் திறப்பு: கர்நாடகம் மறுப்பு’ என்னும் தலைப்பு எவ்வாறு படிக்கப்படும்? திறக்க மாட்டோம் என்றதாகவும் கொள்ளலாம். திறந்ததாகச் சொல்வது பொய் என்றதாகவும் கொள்ளலாம். ‘நீர் திறக்கக் கர்நாடகம் மறுப்பு’ என்றால் ஐயம் அகலும். குற்றம் ‘மறுப்பு’ என்பதில் இல்லை. அதற்கு முன்னுள்ள பெயரில் இருக்கிறது.

எனவே உத்தரவு, கோரிக்கை, அறிவிப்பு, தீர்மானம் போன்ற சொல்வழிச் செயல்களின் பெயர்கள் இறுதியில் நிற்கலாம். அவை சொல்லப்பட்டபோதே நிகழ்ந்து முடிந்தவை. திறப்பு, குறைப்பு, நிறுத்தம் போன்ற நிகழ்வுப் பெயர்கள் நிற்கும் இடத்தில் வினைமுற்றே தகும். ஆயினும் வினைமுற்றும் சில வேளைகளில் மிகை கூறும். காவிரி நீரைக் குடிநீருக்கு மட்டுமே பயன்படுத்துவதெனச் செப்டம்பர் 23 அன்று கர்நாடகச் சட்டமன்றத்தின் ஈரவைகளும் தீர்மானித்தன. அதற்கு, ‘கர்நாடகம் நீர் திறக்காது’ என்பது தீர்மானத்தின் சொல்லைத் தாண்டிச் செல்கிறது. ‘காவிரி குடிநீருக்கு மட்டும்: சட்டமன்றம் தீர்மானம்’ என்பதே நடந்ததை நடந்த அளவில் சொல்கிறது.